பங்கர், நாணயம், பருவம்: ஒரு கன்டெய்னரின் கடல் கட்டணம் எப்படி உருவாகிறது

கிழக்காசியத் துறைமுகம் ஒன்றிலிருந்து வடக்கு ஐரோப்பாவுக்கு 40 அடி கன்டெய்னர் ஒன்றை அனுப்ப, ஒரு வணிகர் இரண்டு கப்பல் நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் அடிப்படைக் கட்டணம் 1,600 டாலர், எரிபொருள் கூடுதல் கட்டணம் 420 டாலர், அடிப்படைக் கட்டணத்தின் மேல் 6 சதவீதம் நாணயக் கூடுதல் கட்டணம் என்று பிரித்து எழுதுகிறது. கூட்டினால் 2,116 டாலர் வருகிறது. இரண்டாவது நிறுவனம் 'எரிபொருள் உட்பட 2,050 டாலர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் சில நிபந்தனைகளை வைக்கிறது. இந்த எண்கள் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. ஆனால் இப்படி இரண்டு வடிவங்களில் விலை வந்து சேர்வது இத்தொழிலில் அன்றாடம் நடப்பதுதான். பார்த்தவுடன் இரண்டாவது விலை 66 டாலர் குறைவாகத் தெரிகிறது. உண்மையில் குறைவா என்பதை அந்த 2,050 சொல்லாது. ஒவ்வொரு கூடுதல் கட்டணமும் எந்த அடிமட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, எந்தத் தொகையின் மேல் போடப்படுகிறது, எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கான விடைதான் சொல்லும்.

அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் இத்தனை அடுக்குகள் ஏன் வந்தன என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1875இல் கல்கத்தா வணிகத்துக்காக உருவான கூட்டமைப்பில் தொடங்கி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஒரே வழித்தடத்தில் ஓடும் கப்பல் நிறுவனங்கள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து பொதுவான கட்டண அட்டவணையை வெளியிட்டு வந்தன. அந்த அட்டவணை எளிதில் மாறக்கூடியது அல்ல. 1970களின் தொடக்கத்தில் நிலையான நாணய மாற்று விகித முறை குலைந்தது. 1973இல் கச்சா எண்ணெய் விலை தாவியது. முழு அட்டவணையையும் மாதந்தோறும் திருத்துவதைவிட, அதன் மேல் தனி வரிகளாக ஏற்ற இறக்கத்தைச் சேர்ப்பது கூட்டமைப்புகளுக்கு எளிதாக இருந்தது. எரிபொருள் திருத்தமான பி.ஏ.எஃப்., நாணயத் திருத்தமான சி.ஏ.எஃப். ஆகிய இரண்டும் அந்தச் சூழலில்தான் நிலைபெற்றன. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் கூட்டமைப்புகளுக்கு அளித்திருந்த போட்டிச் சட்ட விலக்கை நீக்கியது. 2008 அக்டோபர் 18 முதல் ஐரோப்பிய வழித்தடங்களில் கூட்டமைப்புகள் சேர்ந்து விலை வைப்பது முடிவுக்கு வந்தது. பெயர்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. இன்று இரண்டு நிறுவனங்களின் விலைப்புள்ளியில் பி.ஏ.எஃப். என்ற ஒரே தலைப்பு இருந்தாலும், அதன் கீழ் இருக்கும் கணக்கு வெவ்வேறாக இருக்கலாம். விலைகளை ஒப்பிடுவோர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடிப்படைக் கட்டணத்தைப் பற்றி ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டால் போதும். அது செலவுக் கணக்கிலிருந்து பிறப்பதில்லை. அந்த வாரத்தில் அந்த வழித்தடத்தில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது, எத்தனை கன்டெய்னர்கள் காத்திருக்கின்றன என்பதிலிருந்து பிறக்கிறது. வணிகர் முடிவெடுப்பது மொத்தத் தொகையைப் பார்த்து என்பதால், கூடுதல் கட்டணங்கள் உயர்ந்து சந்தை அதைத் தாங்காவிட்டால் அடிப்படைக் கட்டணம் இறங்கி அதை ஈடுகட்டும். ஆசியாவுக்குள் ஓடும் சில குறுகிய வழித்தடங்களில் போட்டி கடுமையான காலங்களில் அடிப்படைக் கட்டணம் சுழியமாகவும் அதற்குக் கீழாகவும் போயிருக்கிறது. அங்கே கப்பல் நிறுவனத்தின் வருமானம் முழுக்கக் கூடுதல் கட்டணங்களிலிருந்துதான் வந்தது. ஆகவே ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு 'இங்கே அடிப்படை மலிவு' என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை.

இனி எரிபொருளுக்கு வருவோம். கப்பல் எரிபொருளைத் தொழிலில் பங்கர் என்பார்கள். சிங்கப்பூர், ரோட்டர்டாம், ஃபுஜைரா, ஹூஸ்டன் போன்ற நிரப்புமிடங்களில் ஒவ்வொரு நாளும் அதன் விலை டன்னுக்கு இத்தனை டாலர் என்று வெளியாகிறது. 2020 ஜனவரி 1 முதல், புகைச் சுத்திகரிப்புக் கருவி இல்லாத கப்பல்கள் கந்தக அளவு 0.50 சதவீதத்துக்கு மேற்படாத எரிபொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதி. அதற்கு முன் உச்சவரம்பு 3.50 சதவீதமாக இருந்தது. எனவே இன்றைய பெரும்பாலான பி.ஏ.எஃப். கணக்குகள் குறைந்த கந்தக எரிபொருளின் விலையை ஆதாரமாகக் கொள்கின்றன.

டன் விலையை ஒரு கன்டெய்னரின் பங்காக மாற்றுவதற்கு வழித்தடக் காரணி என்ற ஒரு எண் தேவைப்படுகிறது. ஒரு கன்டெய்னரை அந்த வழித்தடத்தில் கொண்டுபோக எத்தனை டன் எரிபொருள் செலவாகிறது என்பதே அந்த எண். அதை எப்படிக் கண்டடைகிறார்கள் என்பதை ஒரு கப்பலை வைத்துப் பார்க்கலாம். 20 அடி அலகுகளில் 14,000 கொள்ளும் கப்பல் ஒன்று போய்த் திரும்ப 84 நாள் எடுத்துக்கொள்கிறது. அதில் 60 நாள் கடலில், நாளொன்றுக்கு 100 டன் எரிக்கிறது. மீதி 24 நாள் துறைமுகங்களில், நாளொன்றுக்கு 10 டன். மொத்தம் 6,240 டன். போகும்போது 12,600 அலகுகள் சரக்குடன் போகின்றன. திரும்பும்போது சரக்குள்ளவை 7,000 மட்டுமே, மற்றவை வெறும் பெட்டிகள். எரிபொருளைப் பாதிப் பாதியாகப் பிரித்தால், போகும் சரக்குக்கு அலகுக்கு 0.25 டன்னும் திரும்பும் சரக்குக்கு 0.45 டன்னும் விழும். ஆனால் திரும்பும் வழியில் சரக்கு மெலிந்திருப்பதால் சந்தை அந்தச் சுமையைத் தாங்காது. கப்பல் திரும்பி வர வேண்டிய கட்டாயம் உண்டாவதும் போகும் சரக்கினால்தான். ஆகவே கப்பல் நிறுவனம் எரிபொருளில் 70 சதவீதத்தைப் போகும் வழியின் மேல் ஏற்றுகிறது என்று கொண்டால், 4,368 டன்னை 12,600ஆல் வகுக்க அலகுக்கு 0.35 டன்னுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. 40 அடி கன்டெய்னர் இரண்டு அலகுகள் என்பதால் 0.70 டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

எரிபொருள் டன்னுக்கு 600 டாலர் என்றால் 0.70 டன்னுக்கு 420 டாலர். முதல் நிறுவனத்தின் விலைப்புள்ளியில் இருந்தது இந்தத் தொகைதான். இங்கே எரிபொருள் முழுவதும் பி.ஏ.எஃப். வரிக்குள் இருக்கிறது; அடிப்படைக் கட்டணத்துக்குள் எரிபொருள் ஒரு காசும் இல்லை என்பது இந்த முறையின் கருத்து. மற்றொரு முறையில், அடிப்படைக் கட்டணத்துக்குள் டன்னுக்கு 450 டாலர் வரையிலான எரிபொருள் ஏற்கெனவே அடங்கியிருக்கும். 450ஐத் தாண்டிய வேறுபாட்டை மட்டும் பி.ஏ.எஃப். வசூலிக்கும். அப்போது அதே 600 டாலர் விலையில் பி.ஏ.எஃப். 150 டாலரை 0.70ஆல் பெருக்கிய 105 டாலர்தான். 420 டாலர் கேட்பவர் பேராசைக்காரர், 105 டாலர் கேட்பவர் நியாயமானவர் என்று இதிலிருந்து தீர்மானிக்க முடியாது. முன்னவர் எரிபொருளை வெளியே வைத்திருக்கிறார், பின்னவர் பெரும்பகுதியை உள்ளே வைத்திருக்கிறார். ஆனால் அடிமட்டம் எங்கே என்று கேட்காமல் ஒப்பந்தம் போட்டவர், ஏற்கெனவே உள்ளே அடங்கிய எரிபொருளுக்கு வெளியேயும் ஒருமுறை பணம் கட்டிவிட வாய்ப்பு இருக்கிறது.

அடிமட்டம் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: எரிபொருள் விலை அடிமட்டத்துக்குக் கீழே இறங்கினால் என்ன ஆகும்? இருபுறமும் நகரும் வகையில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் வேறுபாடு எதிர்க்குறியாகி மொத்தம் குறையும். மேல்நோக்கி மட்டும் நகரும் ஒப்பந்தத்தில் அது சுழியத்தில் நின்றுவிடும். இரண்டாவது நிறுவனத்தின் 'எரிபொருள் உட்பட' என்ற சொற்களுக்குக் கீழே இருந்த நிபந்தனை இப்படிப்பட்டது: டன்னுக்கு 600 டாலர் வரை உள்ளடக்கம், அதற்கு மேல் போனால் வேறுபாட்டை 0.70ஆல் பெருக்கி வசூலிக்கப்படும். 600க்குக் கீழே இறங்குவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

வழித்தடக் காரணி ஒருமுறை எழுதப்பட்டால் மறுபடி திருத்தப்படாமல் கிடப்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. கப்பலின் வேகம் கூடும்போது நாளொன்றுக்கான எரிபொருள் ஏறத்தாழ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்கிறது. பயண நாள்கள் குறைவதால் ஒரு பயணத்துக்கான எரிபொருள் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் ஓடிய சேவை 16 கடல் மைலுக்கு இறங்கினால், பயணத்துக்கான எரிபொருள் சுமார் 64 சதவீதமாகக் குறைந்துவிடும். 2008க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் கப்பல்களை மெதுவாக ஓட்டத் தொடங்கியபோது நடந்தது இதுவே. பழைய வேகத்தில் கணக்கிட்ட காரணியை வைத்துக்கொண்டே வசூலித்தால், எரிக்காத எரிபொருளுக்கும் வணிகர் பணம் கட்டுவதாக ஆகும். எதிர்த் திசையிலும் இது நடக்கலாம். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் பல சேவைகள் சூயஸ் கால்வாயை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது தொலைவு பல ஆயிரம் கடல் மைல் கூடியது. அந்தக் கூடுதல் எரிபொருளைக் காரணியைத் திருத்தி வசூலிக்கிறார்களா, தனியொரு கூடுதல் கட்டணமாக வசூலிக்கிறார்களா என்பதைப் பில்லில் பார்த்தாக வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே தொலைவுக்கு இருமுறை வசூல் நடக்கிறது என்றே பொருள்.

அடுத்தது காலத் தாமதம். பி.ஏ.எஃப். நாள்தோறும் மாறுவதில்லை, பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை, அதற்கு முந்தைய சில மாதங்களின் சராசரி விலையைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. விலை ஏறும்போது இந்தத் தாமதம் கப்பல் நிறுவனத்துக்கு இழப்பு, இறங்கும்போது வணிகருக்கு இழப்பு. நீண்ட காலத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமப்பட வேண்டும். ஆனால் விலை வேகமாக ஏறும்போது கப்பல் நிறுவனங்கள் அடுத்த காலாண்டுக்குக் காத்திருக்காமல் 'அவசர எரிபொருள் கட்டணம்' என்ற புதிய வரியைக் கொண்டுவருகின்றன. 2018இன் நடுப்பகுதியில் பெரிய நிறுவனங்கள் பல இதைச் செய்தன. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஏற்றத்தில் தாமதத்தை ரத்து செய்துவிட்டு இறக்கத்தில் மட்டும் அதை வைத்துக்கொள்வது சமன்பாட்டைக் குலைக்கிறது. அதைவிட முக்கியமானது, அடுத்த காலாண்டின் பி.ஏ.எஃப். அதே உயர்ந்த விலைகளைச் சராசரியில் சேர்த்துக்கொண்ட பிறகு அவசரக் கட்டணம் நீங்க வேண்டும். நீங்காமல் இரண்டும் சேர்ந்தே பில்லில் வருவதைக் கண்டால், அதுவே கேள்வி எழுப்ப வேண்டிய தருணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கரியமில உமிழ்வு வணிகத் திட்டம் 2024 ஜனவரி முதல் கப்பல்களுக்கும் பொருந்துகிறது. திட்டத்துக்குள் வரும் உமிழ்வில், 2024இல் வெளியானதில் 40 சதவீதத்துக்கும், 2025இல் வெளியானதில் 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுவதற்கும் நிறுவனங்கள் உமிழ்வு உரிமங்களை ஒப்படைக்க வேண்டும். இதற்கான வசூல் எரிபொருள் அளவைப் பின்பற்றியே அமைந்தாலும், அதன் விலை எண்ணெய்ச் சந்தையிலிருந்து வருவதில்லை என்பதால், பி.ஏ.எஃப்.க்குள் கலக்காமல் தனி வரியாக இருப்பதே நல்லது.

நாணயக் கூடுதல் கட்டணமான சி.ஏ.எஃப். அளவில் சிறியது, ஆனால் சதவீதமாக வருவதால் அதன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் டாலரில் வருகிறது. துறைமுகக் கட்டணம், சரக்கு ஏற்றி இறக்கும் கூலி, உள்ளூர் அலுவலகச் செலவு ஆகியவை அந்தந்த நாட்டு நாணயத்தில் போகின்றன. ஒப்பந்தம் போட்ட நாளுக்குப் பிறகு அந்த நாணயங்கள் டாலருக்கு எதிராக 15 சதவீதம் வலுப்பெற்றன என்றும், நிறுவனத்தின் செலவில் 40 சதவீதம் அந்த நாணயங்களில் என்றும் கொண்டால், டாலரில் அளந்த மொத்தச் செலவு 6 சதவீதம் கூடுகிறது. 6 சதவீத சி.ஏ.எஃப். என்பதன் பின்னணி இதுவே. ஜப்பானிய வணிகத்தில் யென் வலுப்பெற்ற காலங்களில் இதுபோன்ற திருத்தம் தனிப் பெயரிலேயே வசூலிக்கப்பட்டது.

இந்த 6 சதவீதம் எதன் மேல்? அடிப்படைக் கட்டணமான 1,600 டாலரின் மேல் மட்டும் என்றால் 96 டாலர். பி.ஏ.எஃப்.பையும் சேர்த்து 2,020இன் மேல் என்றால் 121.20 டாலர். சரக்கு குவியும் மாதங்களில் போடப்படும் பருவக் கட்டணம் 300 டாலர் என்று கொண்டு, அதையும் சேர்த்து 2,320இன் மேல் என்றால் 139.20 டாலர். பங்கர் உலகெங்கும் பெரும்பாலும் டாலரிலேயே விலை வைக்கப்பட்டு டாலரிலேயே வாங்கப்படுகிறது. அதன் மேல் நாணயத் திருத்தம் போடுவதற்குச் செலவு சார்ந்த காரணம் ஏதும் இல்லை. பருவக் கட்டணத்தின் மேல் போடுவதற்கும் காரணம் இல்லை, ஏனென்றால் அதன் அளவு செலவிலிருந்து வருவதல்ல. ஒரு கன்டெய்னருக்கு 43 டாலர் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆண்டுக்கு 500 கன்டெய்னர் அனுப்புபவருக்கு அது 21,600 டாலர். எனவே ஒப்பந்தத்தில் சி.ஏ.எஃப். 'அடிப்படைக் கட்டணத்தின் மேல் மட்டும்' என்ற சொற்கள் இருக்க வேண்டும். டாலர் தொகையை உள்ளூர் நாணயத்துக்கு மாற்றிப் பில் போடும்போது நிறுவனம் பயன்படுத்தும் மாற்று விகிதம் வேறு விஷயம். அது சந்தை விகிதத்தைவிடச் சற்று உயர்வாக வைக்கப்பட்டிருந்தால், சி.ஏ.எஃப். என்ற பெயரே இல்லாமல் இன்னொரு நாணய வசூல் நடக்கிறது.

உச்சப் பருவக் கட்டணமான பி.எஸ்.எஸ். முன்னிரண்டிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. ஆண்டிறுதி விற்பனைக்கான சரக்குகள் ஆசியாவிலிருந்து ஜூலை முதல் அக்டோபர் வரை குவிகின்றன. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரங்களிலும் ஒரு சிறு குவிதல் உண்டு. வெறும் பெட்டிகளை விரைவாகத் திருப்பிக் கொண்டுவருதல், கூடுதல் கப்பல் அமர்த்துதல் என்று அப்போது சில செலவுகள் கூடுவது உண்மையே. ஆனால் கட்டணத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்தச் செலவல்ல, இடத்துக்கான போட்டிதான். பி.ஏ.எஃப்.க்குச் சூத்திரம் கேட்கலாம், சி.ஏ.எஃப்.க்கு அடிப்படை விகிதம் கேட்கலாம், பி.எஸ்.எஸ்.க்கு அப்படிக் கேட்க ஒன்றுமில்லை. ஆகவே அதற்கு எதிரான பாதுகாப்பு, ஒப்பந்தத்தில் உச்சவரம்பும் தொடக்க நாளும் முடிவு நாளும் எழுதுவதில்தான் இருக்கிறது. 'அறிவிக்கப்படும் பருவக் கட்டணம் பொருந்தும்' என்று மட்டும் எழுதியிருந்தால், நிலையான விலை என்று நினைத்த ஒப்பந்தம் ஆண்டின் மிக முக்கியமான நான்கு மாதங்களில் சந்தை விலையாக மாறிவிடும். 2021இல் பலர் இதை உணர்ந்தார்கள். ஷாங்காயிலிருந்து கன்டெய்னர் அனுப்பும் உடனடிச் சந்தை விலைகளைத் தொகுக்கும் ஷாங்காய் சரக்குக் குறியீடு 2022 ஜனவரியில் 5,100 புள்ளிகளைத் தொட்ட அந்த ஏற்றத்தில், பருவக் கட்டணம் பருவத்தோடு முடியாமல் பல வழித்தடங்களில் தொடர்ந்தது.

பி.எஸ்.எஸ்.ஸைப் பொதுக் கட்டண உயர்வான ஜி.ஆர்.ஐ.யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜி.ஆர்.ஐ. அடிப்படைக் கட்டணத்தையே உயர்த்துகிறது. பருவம் முடிந்தாலும் தானாக இறங்குவதில்லை. அமெரிக்க வழித்தடங்களில் கட்டண உயர்வை 30 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது கூட்டாட்சிக் கடல்சார் ஆணையத்தின் விதி. குறைப்புக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இதனால் நிறுவனங்கள் பெரிய உயர்வு ஒன்றை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, நாள் நெருங்கும்போது சந்தை எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அறிவிப்பில் வந்த எண்ணை அப்படியே வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிக்கொள்பவர் தேவையில்லாமல் அஞ்சுவார்.

ஐரோப்பாவில் இதே அறிவிப்புப் பழக்கம் போட்டிச் சட்டக் கேள்வியாக மாறியது. உயரும் தொகையை மட்டும் வெகு முன்னதாக அறிவிப்பது, போட்டியாளர்கள் ஒருவர் நோக்கத்தை ஒருவர் அறிந்துகொள்ள உதவுகிறது என்று ஐரோப்பிய ஆணையம் கவலைப்பட்டது. 2016 ஜூலையில் 14 நிறுவனங்கள் அளித்த உறுதிமொழிகளை அது சட்டப்படி கட்டாயமாக்கியது. உயர்வுத் தொகையை மட்டும் அறிவிப்பதை நிறுத்திவிட்டு, அடிப்படைக் கட்டணம், எரிபொருள், பாதுகாப்பு, முனையக் கையாளுதல், பொருந்துமானால் உச்சப் பருவம் ஆகிய ஐந்து கூறுகளையும் கொண்ட மொத்த விலையை அவை சொல்ல வேண்டியிருந்தது. நடைமுறைக்கு வருவதற்கு 31 நாளுக்கு முன்னதாக அறிவிக்கக் கூடாது என்றும் இருந்தது. அந்த உறுதிமொழிகளின் மூன்றாண்டு காலம் 2019இல் முடிந்தது. ஆயினும் விலைப்புள்ளி ஒன்றில் குறைந்தது எவை தெரிந்தாக வேண்டும் என்பதற்கு அந்த ஐந்து கூறுகளைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது இரண்டு விலைப்புள்ளிகளையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம். இரண்டாவது நிறுவனத்தின் நிபந்தனைகளில் 6 சதவீத சி.ஏ.எஃப். மொத்தத் தொகையின் மேல் என்றும், பருவக் கட்டணம் அறிவிப்பின்படி என்றும் இருக்கிறது. முதல் நிறுவனத்தில் சி.ஏ.எஃப். அடிப்படையின் மேல் மட்டும். பருவக் கட்டணம் 300 டாலருக்கு மேற்படாது. எரிபொருள் 600 டாலரில் நிற்கும்போது முதலாவது 2,116. இரண்டாவது 2,050உடன் 123 சேர்ந்து 2,173. சி.ஏ.எஃப். என்ற ஒரே வரியைச் சேர்த்ததுமே வரிசை மாறிவிட்டது. எரிபொருள் 450க்கு இறங்கினால் முதலாவதில் பி.ஏ.எஃப். 315 ஆகி மொத்தம் 2,011. இரண்டாவது 2,173இலேயே நிற்கும். 750க்கு ஏறினால் முதலாவது 2,221; இரண்டாவதில் 105 சேர்ந்து, அதன் மேலும் நாணயச் சதவீதம் போடப்பட்டு 2,284.30. உச்சப் பருவத்தில், எரிபொருள் 600ஆக இருக்கும்போது சந்தையில் 800 டாலர் பருவக் கட்டணம் அறிவிக்கப்பட்டால், முதலாவது 2,416இல் நிற்க, இரண்டாவது 2,850இன் மேல் 6 சதவீதம் கூடி 3,021 ஆகிறது. சந்தை இந்த நான்கு வழிகளில் எதில் போனாலும் இரண்டாவது விலை அதிகம். ஒரு விஷயத்தை மட்டும் அதன் பக்கம் சொல்ல வேண்டும்: இடம் கிடைக்காத உச்சப் பருவத்தில், 3,021 டாலர் தரும் சரக்கைக் கப்பல் நிறுவனம் ஏற்றும், 2,416 டாலர் சரக்கை அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போடும் வாய்ப்பு இருக்கிறது. உச்சவரம்பு எழுதும்போது, வாரத்துக்கு இத்தனை கன்டெய்னருக்கு இடம் உறுதி என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த வரம்புக்கு மதிப்பு குறைவு.

இந்தக் கணக்கில் முனையக் கையாளுதல் கட்டணமான டி.எச்.சி. சேர்க்கப்படவில்லை. அது இரு முனைகளிலும் உள்ளூர் நாணயத்தில் தனித்தனியே வரும். யார் கட்டுவது என்பது விற்பனை நிபந்தனையைப் பொறுத்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், குறியீட்டோடு ஒப்பிடும்போது பலர் இங்கே தவறுவதுதான். ஷாங்காய் குறியீட்டின் உடனடிச் சந்தை விலைகளில் எரிபொருள், நாணயம், உச்சப் பருவம் போன்ற கடல்வழிக் கூடுதல் கட்டணங்கள் அடக்கம், டி.எச்.சி. அடக்கமில்லை. ஆகவே குறியீட்டோடு சேர்ந்து நகரும் ஒப்பந்தத்தில் தனியாக பி.ஏ.எஃப். கேட்கப்பட்டால், எரிபொருளுக்கு இருமுறை பணம் போகிறது.

எஞ்சியிருப்பது தேதி. ஒரு கன்டெய்னரின் பயணத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் முக்கியமானவை: சரக்கு கப்பல் நிறுவனத்தின் வசம் ஒப்படைக்கப்பட்ட நாள், கப்பலில் ஏற்றப்பட்ட நாள். அமெரிக்க வழித்தடங்களில் அட்டவணைக் கட்டணங்களுக்கு, சரக்கை நிறுவனமோ அதன் முகவரோ பெற்றுக்கொண்ட நாளில் நடைமுறையில் இருந்த கட்டணமே பொருந்தும் என்பது விதி. வேறு பல வழித்தடங்களில் கப்பல் புறப்படும் நாளையோ ஏற்றும் நாளையோ நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகள் கணக்கில் எடுக்கின்றன. ஜூன் 28 அன்று முனையத்துக்குள் போன கன்டெய்னர், கப்பல் தாமதத்தால் ஜூலை 3 அன்று ஏற்றப்பட்டால், ஜூலை 1இல் தொடங்கும் பருவக் கட்டணமும் புதிய காலாண்டின் பி.ஏ.எஃப்.பும் அதற்குப் பொருந்துமா என்பது முழுக்க இந்த ஒரு நிபந்தனையைப் பொறுத்தது. தாமதம் கப்பல் நிறுவனத்தினுடையது, உயர்ந்த கட்டணம் வணிகருடையது என்று முடிவது நியாயமல்ல. எனவே ஒப்பந்தத்தில் எந்தத் தேதி என்று பெயர் சொல்லி எழுதிவிட்டு, பில் வந்ததும் முனைய நுழைவுச் சீட்டின் தேதியை அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். காலாண்டு மாறும் வாரங்களிலும் பருவக் கட்டணம் தொடங்கும், முடியும் வாரங்களிலும் வந்த பில்களை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது; கட்டண அட்டவணை மாறும் நாள்களில்தான் பழைய விகிதமும் புதிய விகிதமும் ஒன்றோடொன்று கலந்து பில்லில் ஏறுகின்றன.